டையோடு படத்தை இரண்டாகப் பிரித்து வரைவது: எட்டு வருடப் பயன்பாட்டில் கண்டது

பிளஸ் டூ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். சுற்றுப் படம் ஒன்றைக் கொடுத்து, வெளியீட்டு அலை எப்படி இருக்கும் என்று கேட்டு, நான்கு அலைப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள்தான் அவர்களை அதிகம் தடுமாற வைக்கின்றன. எட்டு வருடமாக இந்தக் கேள்விகளுக்கு ஒரே முறையைத்தான் பயன்படுத்தி வருகிறேன். டையோடு நடத்தும்போது ஒரு படம், நடத்தாதபோது ஒரு படம் என்று கேள்வியில் உள்ள சுற்றை இரண்டு முறை வரைந்து பார்ப்பது. அது எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது, நடுவில் எதைச் சேர்க்க வேண்டியிருந்தது என்று எழுதுகிறேன்.

முறை எளிது. முதல் படத்தில் டையோடு இருந்த இடத்தில் ஒரு கம்பி. இரண்டாவது படத்தில் அந்த இடம் வெற்றிடம். இரண்டிலும் வெளியீடு எடுக்கும் இரண்டு புள்ளிகளை மட்டும் பேனாவால் அழுத்திக் குறிக்க வேண்டும். இந்தக் குறியைப் போட வைத்ததாலேயே பாதித் தவறு நின்றுபோனது. அரை அலை திருத்தி என்றதும் மேல் பாதி மட்டும் உள்ள அலைதான் விடை என்று கை தானாகப் போய்விடுகிறது. ஆனால் வெளியீட்டை மின்தடைக்குக் குறுக்கே எடுத்தால்தான் அது சரி. அதே சுற்றில் டையோடுக்குக் குறுக்கே எடுத்தால், நடத்தும்போது அங்கே கம்பி, அதாவது பூஜ்யம். நடத்தாதபோது உள்ளீட்டின் கீழ்ப் பாதி முழுவதும் அங்கேதான் விழும். சுற்று ஒன்றுதான், ஆனால் விடை நேர் எதிர்.

முதல் இரண்டு வருடம் இதுவே போதுமாக இருந்தது. பிறகு அலையின் ஒரு பகுதியை வெட்டிவிடும், பேட்டரி சேர்ந்த சுற்றுகள் வந்தபோது இந்த முறை தள்ளாடியது. ஒரு கேள்வியை அப்படியே சொல்கிறேன். உள்ளீடு 10 வோல்ட் உச்சம் உள்ள சைன் அலை, 50 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்து தொடராக 1 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு டையோடும் 4 வோல்ட் பேட்டரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக. பேட்டரியின் நேர்முனை டையோடைத் தொடுகிறது. டையோடின் அம்பு மேல்நோக்கி இருக்கிறது. வெளியீடு டையோடு, பேட்டரி இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்கே.

டிப்ளமோ படிக்கும் பெண் ஒருத்தி இதைப் பார்த்ததும், "சார், டையோடு மேலே பார்த்து இருக்கு, அப்போ நெகட்டிவ் பாதி வெட்டுப்படும். பாசிட்டிவ் பாதி முழுசா வரும், இல்லையா?" என்றாள்.

"அது பேட்டரி இல்லாதப்போ. டையோடை எடுத்துட்டுப் பாரு. மேல் முனையில என்ன, கீழ் முனையில என்ன?"

"மேல உள்ளீடு அப்படியே. கீழ 4 வோல்ட்."

"அம்போட வால் எந்தப் பக்கம்?"

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "கீழ. அப்போ உள்ளீடு 4-க்குக் கீழ இருக்கிற வரைக்கும் நடத்தும். ஐயோ, பூஜ்யத்துலகூட நடத்துமா சார்?"

அந்த இடம்தான் விஷயம். வகுப்பில் பலரும் டையோடு மாறும் இடம் பூஜ்யம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பூஜ்யத்தில் மாறுவது பேட்டரி இல்லாத சுற்றுக்கு மட்டும். அதனால் மூன்றாவது வருடத்திலிருந்து இரண்டு படத்துக்கு முன்னால் ஒரு படி சேர்த்தேன். டையோடை மனதில் கழற்றிவிட்டு, அது இருந்த இரண்டு முனைகளின் மின்னழுத்தத்தையும் எழுத வேண்டும். வால் முனை உயர்ந்திருந்தால் நடத்தும். இரண்டும் சமமாகும் உள்ளீடு எதுவோ, அதுதான் எல்லை.

மேலே சொன்ன கேள்வியில் எல்லை 4 வோல்ட். உள்ளீடு அதற்குக் கீழே இருக்கும் வரை டையோடு கம்பி, வெளியீடு 4 வோல்ட்டிலேயே படுத்திருக்கும். உள்ளீடு -10 வோல்ட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மீதி 14 வோல்ட்டை 1 கிலோ ஓம் தாங்கிக்கொள்கிறது, 14 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. உள்ளீடு 4-ஐத் தாண்டியதும் டையோடு விலகிக்கொள்ளும், வெளியீடு உள்ளீட்டைப் பின்தொடர்ந்து 10 வரை ஏறி இறங்கும். ஆக, இந்த வெளியீடு ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை.

கூடவே அகலத்தையும் பார்க்கச் சொல்வேன். 10-ல் 4 என்றால் சைன் மதிப்பு 0.4, கோணம் சுமார் 23.6 டிகிரி. 20 மில்லி செகண்ட் சுழற்சியில் அது 1.3 மில்லி செகண்டில் வருகிறது. மேடு அங்கே தொடங்கி 8.7-ல் முடிகிறது. அதாவது மேட்டின் அகலம் 7.4 மில்லி செகண்ட், பாதிச் சுழற்சியான 10 அல்ல. இரண்டு விடைப் படங்கள் ஒரே மாதிரி தெரிந்து குழப்பும்போது, பெரும்பாலும் இந்த அகலம்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். சிலிக்கான் டையோடு என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் 0.7 வோல்ட்டைச் சேர்க்க வேண்டும். இங்கே எல்லை 3.3 ஆகிவிடும். சொல்லாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

ஒன்றுக்கு மேல் டையோடு இருந்தால் இந்தக் கழற்றிப் பார்க்கும் படியைக் கவனமாகச் செய்ய வேண்டும். எல்லா டையோடுகளையும் கழற்றிப் பார்த்து, எதற்கு வால் முனை மிக அதிகமாக உயர்ந்திருக்கிறதோ அதை முதலில் கம்பியாக்கி, பிறகு மற்றவற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிவு செய்தால், உண்மையில் நடத்தாத டையோடையும் நடத்துவதாக எழுதிவிடுவோம்.

நாலாவது வருடம், வரைந்ததைக் கண்ணால் காட்டலாம் என்று பழைய இரண்டு சானல் ஆசிலோஸ்கோப் ஒன்று வாங்கினேன். முதல் நாளே நான்கு டையோடு பிரிட்ஜ் கட்டினேன். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு 1N4007, சுமையாக 1 கிலோ ஓம். உள்ளீட்டையும் வெளியீட்டையும் சேர்த்துக் காட்ட, ஒரு சானலை டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைக்கும், மற்றொன்றைச் சுமைக்கும் மாட்டினேன். திரையில் வந்தது அரை அலை! பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு டையோடாகத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்குள் டிரான்ஸ்பார்மர் உறுமத் தொடங்கிவிட்டது, ஒரு டையோடு தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

காரணம் கருவியின் உள்ளே இருந்தது. இரண்டு சானலின் தரைக் கிளிப்பும் உள்ளே ஒரே கம்பி. நான் ஒரு கிளிப்பை டிரான்ஸ்பார்மர் முனையிலும், மற்றொன்றைச் சுமையின் எதிர்முனையிலும் மாட்டியதால், அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த டையோடு குறுக்குச் சுற்றாகிவிட்டது. ஒரு பாதியில் சுமைக்கு வழக்கம்போல மின்னோட்டம் போகிறது. மறுபாதியில் டிரான்ஸ்பார்மர் நேராக இன்னொரு டையோடு வழியே தன் மீதே குறுக்காகிறது, சுமைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால்தான் அரை அலை. அன்றிலிருந்து பிரிட்ஜில் ஒரே ஒரு தரைக் கிளிப்தான், அதுவும் சுமையின் எதிர்முனையில். உள்ளீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் டிரான்ஸ்பார்மரின் இரு முனைக்கும் இரண்டு சானல் முனைகளை வைத்து, கருவியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் வசதியைப் பயன்படுத்துகிறேன். அந்தச் சுட்ட டையோடையும் படமாக வரைந்தோம். கிளிப்பையும் ஒரு கம்பியாக வரைந்ததும், மறுபாதி ஏன் காணாமல் போனது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

டிரான்சிஸ்டருக்கு வந்தபோது இரண்டு படம் போதவில்லை. அங்கே மூன்று நிலை இருக்கிறது: நடத்தாத நிலை, இடைநிலை, முழுமையாக நடத்தும் தெவிட்டு நிலை. பொது உமிழ்ப்பான் என்று பார்த்ததும், 180 டிகிரி திரும்பிய பெரிய சைன் அலையை வரைந்துவிடுகிறார்கள். அடிவாய்க்கு முன்கூட்டியே மின்னோட்டம் கொடுத்து வைத்திருக்கும் சுற்றுக்குத்தான் அது பொருந்தும். படத்தில் அதற்கான மின்தடை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இல்லாத சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழங்கல் 10 வோல்ட், ஏற்பானில் 1 கிலோ ஓம், உள்ளீட்டுக்கும் அடிவாய்க்கும் நடுவில் 20 கிலோ ஓம், மின்னோட்டப் பெருக்கம் 100, உள்ளீடு 5 வோல்ட் உச்ச சைன் அலை. இதற்கு அலையை நேரடியாக வரையாமல், கிடையாக உள்ளீடு, செங்குத்தாக வெளியீடு என்று ஒரு கோட்டை முதலில் வரையச் சொல்கிறேன். உள்ளீடு 0.7 வோல்ட் வரை வெளியீடு 10-லேயே நிற்கும். அதன் பிறகு சரிவு:

```
சரிவு = -100 × 1 / 20 = -5
9.8 / 5 = 1.96
0.7 + 1.96 = 2.66 வோல்ட்
```

தெவிட்டு நிலையில் ஏற்பானில் 0.2 வோல்ட் மீதமிருக்கும் என்று எடுத்தால், 10-லிருந்து 0.2 வரை 9.8 வோல்ட் இறக்கம். ஆக உள்ளீடு 2.66 வோல்ட்டிலேயே டிரான்சிஸ்டர் தரையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் 5 வரை ஏறினாலும் வெளியீடு அசையாது. இந்தக் கோட்டின் மீது சைன் அலையை ஓட்டினால் விடை தானாக வரும்: கீழ்ப் பாதி முழுவதும் 10 வோல்ட்டில் தட்டை, மேல் பாதியில் செங்குத்தாக இறங்கி, அடியில் தட்டையாகக் கிடந்து, மீண்டும் ஏறும். அடிவாய் மின்தடை மட்டும் 100 கிலோ ஓம் ஆனால் சரிவு -1. அப்போது வெளியீடு 10-லிருந்து 5.7 வரை மட்டும் வளைந்து இறங்கித் திரும்பும், அடியில் தட்டை இருக்காது. ஒரு மதிப்பு மாறியதும் அலையின் முகமே மாறுகிறது, அதனால்தான் படத்தின் மேல் எழுதியிருக்கும் எண்களை விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதை நிஜமாகக் கட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. உள்ளீடு -5 வோல்ட் ஆகும்போது அடிவாயில் மின்னோட்டம் இல்லை, அதனால் 20 கிலோ ஓமில் எந்த இழப்பும் இல்லை. முழு 5 வோல்ட்டும் அடிவாய்-உமிழ்ப்பான் சந்தியில் பின்னோக்கி விழும். சிறு டிரான்சிஸ்டர்கள் பலவற்றுக்கு அங்கே தாங்கும் வரம்பே 5, 6 வோல்ட்தான். அதனால் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் குறுக்கே ஒரு 1N4148 டையோடைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறேன்.

இவ்வளவு வருடத்தில் இந்த முறை சுத்தமாகக் கைவிட்ட இடம் மின்தேக்கி. இரண்டு படமும், உள்ளீடு-வெளியீட்டுக் கோடும், இந்த நொடியின் உள்ளீட்டை மட்டும் பார்த்து வெளியீட்டைச் சொல்பவை. மின்தேக்கிக்கு முந்தைய நொடியும் நினைவில் இருக்கிறது. உள்ளீடு 5 வோல்ட் ஏறும்போது ஒரு வெளியீடு, அதே 5 வோல்ட் இறங்கும்போது வேறொரு வெளியீடு. அங்கே கோடு வரைய முடியாது. டையோடு முதன்முதலில் நடத்தும் பாதியிலிருந்து தொடங்கி, மின்தேக்கியில் எவ்வளவு சேர்ந்தது என்று எழுதிக்கொண்டே கால வரிசையில் போக வேண்டும். அரை அலை திருத்தியில் 1 கிலோ ஓம் சுமையோடு 1000 மைக்ரோ பாரட் இருந்தால், இறங்க எடுக்கும் காலம் 1 செகண்ட் அளவு. 20 மில்லி செகண்டுக்குள் அது கொஞ்சம்தான் இறங்கும், ஏறக்குறைய நேர்க்கோடு. அதே இடத்தில் 10 மைக்ரோ பாரட் என்றால் காலம் 10 மில்லி செகண்ட்தான், அடுத்த உச்சம் வருவதற்குள் பெரும்பகுதி வடிந்துவிடும், பல் பல்லாகத் தெரியும். மின்தேக்கி உள்ள படம் வந்தால் இப்போதெல்லாம் பிள்ளைகள் என்னைக் கேட்காமலேயே பக்கத்தின் குறுக்கே நேர அச்சைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.