களிம்பா, பரிசோதனையா? அடங்காத மூலக்கட்டிக்கு எது சரி?

ஆசனவாய் ஓரத்தில் ஒரு கட்டியோ புண்ணோ தட்டுப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி, களிம்பு தடவி, இளஞ்சூடான நீரில் உட்கார்ந்து, நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பது ஒன்று. புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மருத்துவரிடம் போய் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்வது இன்னொன்று. எனக்கு இந்தத் தேர்வு வந்தபோது இரண்டாவதை எடுத்தேன். கடைசியில் அது ஆறாத வெடிப்பு என்று தெரிந்தது. ஆகவே பரிசோதனை மேசை வரைக்கும்தான் என் சொந்த அனுபவம். பயாப்ஸி, கதிர்வீச்சு பற்றிச் சொல்வதெல்லாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை.

களிம்புப் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கே வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை மூலமோ, வெடிப்போ, தோல் மடிப்போதான். ஆசனவாய்ப் புற்றுநோய் அரிது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஓரிருவர் என்ற அளவு. கட்டி தெரிந்த அன்றே பதற வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், அறிகுறியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆசனவாய்க் குழாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள இடம். மூலம் வீங்குவதும் அங்கேதான், புற்று வளர்வதும் அங்கேதான். இரண்டிலும் துடைக்கும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் தெரியலாம். அரிப்பு, கசிவு, உட்காரும்போது உறுத்தல், மலம் முழுதாகப் போகாத உணர்வு எல்லாமே இரண்டுக்கும் பொது. புற்றுநோய் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ரத்தக்கசிவுதான் முதல் அடையாளம். சிலருக்கு எந்த அடையாளமுமே இருக்காது. ‘வலிக்கவில்லை, அதனால் மூலம்தான்’ என்பதும், ‘வலிக்கிறது, அதனால் மூலம்தான்’ என்பதும் ஒரே அளவுக்குப் பயனற்ற சமாதானங்கள்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? என்னைக் கேட்டால், காலத்தை வைத்து. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மூலமும் அதன் உறவுக்காரர்களும் ஒரு போக்கு உள்ளவை. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால் திடீரென்று ஒரு கட்டி கிளம்பும். முதல் இரண்டு மூன்று நாள் உயிர் போகும் வலி. பிறகு வலி தணிந்து, சில வாரங்களில் கட்டி சுருங்கிவிடும். வெடிப்பு என்றால் மலம் கழிக்கும்போது கிழிப்பதுபோல வலிக்கும். பெரும்பாலும் ஆறு, எட்டு வாரங்களுக்குள் ஆறிவிடும். அது வழக்கமாக நடுக்கோட்டில், அதிலும் பின்பக்கமாக இருக்கும்; பக்கவாட்டில் ஒரு புண் இருந்தால் மருத்துவர் உடனே உஷாராவார். உள்மூலம் முக்கும்போது வெளியே வந்து, தானாகவோ விரலால் தள்ளினாலோ உள்ளே போகும். நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வரும்.

புற்றுக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. எப்போது தொடங்கியது என்றே சொல்லத் தெரியாமல் மெதுவாக வந்து, அதே இடத்தில் தங்கி, போகப் போகப் பெரிதாகும். ரத்தம் சில நாள் நிற்கலாம், கட்டி நிற்காது. மூலம் பொதுவாக மெத்தென்று இருக்கும், இது அழுத்தினால் கெட்டியாக இருக்கும். புண்ணாக இருந்தால் அதன் ஓரம் தடித்து உயர்ந்திருக்கலாம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் அது தனி எச்சரிக்கை, ஏனென்றால் ஆசனவாயின் கீழ்ப்பகுதியிலிருந்து நிணநீர் அந்த வழியாகத்தான் வடிகிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். பிரசவ காலத்திலிருந்தே மூலம் உண்டு. இப்போது ஒரு பக்கமாகப் பட்டாணி அளவு கட்டி, அவ்வப்போது ரத்தம். பழைய மூலம்தானே என்று களிம்பு தடவுகிறார். எரிச்சல் குறைகிறது, ஆகவே மருந்து கேட்கிறது என்று நினைக்கிறார். மூன்று வாரம் கழித்தும் கட்டி அதே அளவு. இந்த இடத்தில் இன்னொரு களிம்பு வாங்குவதா, காட்டுவதா? காட்டுவதுதான் சரி. இந்தக் களிம்புகள் பலவற்றில் இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அடியில் என்ன இருந்தாலும் வலியும் அரிப்பும் குறையும். ஆக, சுகமாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. கட்டி சுருங்கியதா என்பதுதான் கேள்வி.

நான் வைத்துக்கொண்ட கெடு இரண்டு, அதிகபட்சம் மூன்று வாரம். புதிதாக ரத்தம் வந்தால் அந்தக் கெடுவும் வேண்டாம். எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், முன்பு கருப்பை வாய்ப் புற்றோ அதன் முன்நிலையோ வந்த பெண்கள், ஆசனவாய் வழி உறவு கொள்பவர்கள், புகைப்பவர்கள் இன்னும் சீக்கிரம் போகலாம். இந்தப் புற்றுகளில் பத்தில் ஒன்பதுக்குப் பின்னால் இருப்பது உடலுறவு வழியாகத் தொற்றும் எச்பிவி என்ற வைரஸ்.

பரிசோதனை பயப்படும் அளவுக்கு இல்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். தோலைப் பார்ப்பார்கள், வழவழப்பான ஜெல் தடவிய கையுறை விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு பிராக்டோஸ்கோப் என்ற சிறு குழாய். தொடை இடுக்கையும் தொட்டுப் பார்ப்பார்கள், பார்க்காவிட்டால் கேளுங்கள். சங்கடமான சில நிமிடங்கள், அவ்வளவுதான். தொடவே முடியாத வலி என்றால் மயக்கம் கொடுத்துப் பார்க்க வழியுண்டு. சந்தேகம் வந்தால் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். துணுக்கு எடுத்தால் பரவிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ‘பைல்ஸ் இருக்கிறது’ என்று மருத்துவர் சொன்னதும் விஷயம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். மூலமும் புற்றும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நீங்கள் தொட்டு உணரும் அந்தக் குறிப்பிட்ட கட்டி என்ன என்பதற்குத்தான் பதில் வேண்டும். இன்னொன்று, பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி சுத்தமாக வந்தது என்ற நிம்மதி. அந்தக் கருவி ஆசனவாயைச் சட்டென்று கடந்து மேலே போய்விடும், அதனால் விரல் பரிசோதனைக்கு அது மாற்று ஆகாது.

பலர் தள்ளிப்போடுவதற்கு உண்மையான காரணம் வேறு: எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்ற பயம். முன்பு அப்படித்தான் இருந்தது. 1974-ல் நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர், அறுவைக்கு முன்பாகக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்ததில் சில நோயாளிகளுக்குக் கட்டி முழுதாகவே மறைந்துவிட்டதைக் கண்டார். அதிலிருந்து போக்கு மாறியது. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு வாரக் கதிர்வீச்சும் கூடவே கீமோவும்தான் முதல் சிகிச்சை. மலத்தை அடக்கும் தசை தப்பிக்கிறது. பெரிய அறுவை, அதற்குக் கட்டுப்படாதபோதுதான். இரண்டு சென்டிமீட்டருக்குள் பிடிபடும் கட்டிக்குக் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும், ஐந்தைத் தாண்டியதற்குக் குறையும். பைக்குப் பயந்து தள்ளிப்போடுபவர், பை தேவைப்படும் பக்கமாகத்தான் நகர்கிறார்.

மூலம்தான் என்று உறுதியாகி அறுவை வரை போனாலும், வெட்டியெடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூலம் என்று நினைத்து எடுத்ததில் புற்று தெரியவந்த ஆட்கள் உண்டு.