முதல் எஸ்பிரெசோ மெஷின்: பம்ப்பா, லீவரா, கேப்சூலா?

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் அடுப்பும் மிக்ஸியும் போக மிஞ்சியது ஒன்றரை அடி நீளம்தான். அதில் ஓர் எஸ்பிரெசோ மெஷினை வைக்க வேண்டும் என்று முடிவான பிறகு, எதை வாங்குவது என்று மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் கையால் அழுத்தும் லீவர் மெஷினை வாங்கினேன். ஒன்றரை வருடமாக தினமும் காலையில் அதில்தான் காபி. அதனால் லீவர் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே வெந்நீரைக் காபித்தூள் வழியாக அழுத்தத்தில் தள்ளுகின்றன. பம்ப் மெஷினில் மின்சாரப் பம்ப் தள்ளுகிறது, உள்ளே இருக்கும் ஹீட்டர் தண்ணீரைச் சுட வைக்கிறது. லீவரில் நம் கை தள்ளுகிறது. கேப்சூல் மெஷினிலும் பம்ப்தான், ஆனால் தூள் ஏற்கெனவே அரைத்து, அளந்து, அலுமினிய அல்லது பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து வருகிறது. பெட்டியின் மேல் அழுத்தத்தின் அளவாக 15 பார், 19 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது 9 பார் அளவுதான், மீதி எல்லாம் பம்ப்பின் உச்சத் திறன்.

என் முடிவைத் தீர்மானித்தது ருசியும் இல்லை, விலையும் இல்லை. தண்ணீர். நான் சென்னையில் போர் தண்ணீர் வரும் அடுக்ககத்தில் இருக்கிறேன். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு படியும், ஷவரின் துளைகள் அடைத்துக்கொள்ளும். அந்த உப்பு மெஷினுக்குள் என்ன செய்யும் என்பதை நான் வாங்குவதற்கு முன்பே ஒரு நண்பர் வீட்டில் பார்த்துவிட்டேன்.

அவர் வாங்கியது சிறிய பம்ப் மெஷின், தெர்மோபிளாக் வகை. தெர்மோபிளாக் என்றால் பாய்லர் மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்காமல், ஓர் உலோகக் கட்டிக்குள் ஓடும் குறுகலான வழியில் தண்ணீர் போகும்போதே சுட வைப்பது. சீக்கிரம் சூடாகும், இடமும் அடைக்காது. சின்ன சமையலறைக்கென்று விற்கப்படும் மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பத்தாவது மாதத்தில் காபி ஆறிப்போய் வருகிறது, ஸ்டீம் குழாய் வெறுமனே தண்ணீர் துப்புகிறது என்று கூப்பிட்டார். காபித்தூளே போடாமல் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தோம். புதிதில் 10 நொடியில் 70 மில்லி வந்ததாக அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அன்று வந்தது 30 மில்லி. பம்ப்பின் சத்தமும் மாறி, கரகரவென்று இருந்தது. தூள் இல்லாமலே தண்ணீர் மெதுவாக வந்தால் அடைப்பு மெஷினுக்குள் இருக்கிறது. தூள் போட்டால் மட்டும் மெதுவாக வந்தால், தூள் அதிக நைசு. இந்த ஒரு சோதனையிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஏன் அடைக்கிறது? கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக மாறிப் படிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. ஆக 300 ஒன்றும் அபூர்வம் இல்லை. இரண்டு பேர் காபிக்கு, கழுவி விடுவதையும் சேர்த்து தினமும் 300 மில்லி ஓடினால், வருடத்தில் சுமார் 33 கிராம் உப்பு மெஷினுக்குள் நுழைகிறது. அதில் பெரும்பகுதி காபியோடு வெளியே வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு தங்கினாலும் 11 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சுண்ணாம்புத் தூள். பென்சில் தடிமன்கூட இல்லாத வழிக்குள் அது படிகிறது. பால் நுரைக்க ஸ்டீம் எடுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஆவி மட்டும்தான் வெளியே போகும், அதிலிருந்த உப்பு முழுவதும் உள்ளேயே நின்றுவிடும். நாமோ பால் காபிக்காரர்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, டேங்கில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, 15 நிமிடம் ஊறவிட்டு, மீதியை ஓட்டி, பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் விட வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலே கிடைக்கும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் இன்னும் சுத்தமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெர்மோபிளாக்கின் உட்புறம் அலுமினியமாக இருந்தால், அமிலம் உலோகத்தையே அரிக்கத் தொடங்கிவிடும். நண்பரின் மெஷின் இரண்டு தடவை இப்படிச் சுத்தம் செய்த பிறகு 55 மில்லிக்குத் தேறியது. ஆனால் இதை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, விடாமல், அடைப்பு தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் அமிலம் உள்ளே போகவே வழி இருக்காது.

ஆர்.ஓ. தண்ணீர் விட்டால் போதாதா என்று கேட்கலாம். உப்புப் படிவது பெரும்பாலும் நின்றுவிடும், உண்மை. ஆனால் எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். 40. அதில் போட்ட எஸ்பிரெசோ புளிப்பு தூக்கலாக, திடமே இல்லாமல் இருந்தது. காபியின் ருசியை இழுத்து வர தண்ணீரில் கொஞ்சம் தாது இருக்க வேண்டும், 150 பக்கத்தில் இருந்தால் நல்லது. குழாய்த் தண்ணீர் 600 காட்டுகிறது என்பதால் மூன்று பங்கு ஆர்.ஓ.வுக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தேன். 180 வந்தது, ருசியும் வந்தது. அந்தக் கலவையிலும் உப்பு படியும், ஆனால் மெதுவாக.

இப்போது லீவருக்கு வருகிறேன். நான் வாங்கிய வகையில் பாய்லர் கிடையாது, பம்ப் கிடையாது, ஒயரே கிடையாது. ஓர் உலோகச் சட்டம், ஒரு நீண்ட கைப்பிடி, ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், தூள் போடும் கூடை. ஃப்ளேர், ராபாட் என்ற பெயர்களில் வருபவை எல்லாம் இந்த இனம். தண்ணீரைத் தனியாக கெட்டிலில் கொதிக்க வைத்து ஊற்றுகிறோம். ஆகவே சுண்ணாம்பு எல்லாம் கெட்டிலின் அடியில், கண்ணுக்கு முன்னால் படிகிறது. கெட்டிலில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்க விட்டால் கால் மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும். எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது. கெட்டுப்போகக்கூடிய பாகம் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் கெட்டிலில் இருக்கிறது, மெஷினில் இல்லை.

காலையில் நடப்பது இப்படி. கெட்டிலைப் போட்டுவிட்டு 16 கிராம் கொட்டையைக் கை மில்லில் அரைக்கிறேன், முக்கால் நிமிடம் ஆகும். கொதிநீரைச் சிலிண்டரில் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுகிறேன். இந்தச் சூடேற்றலைத் தவிர்த்தால் குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும், காபி புளிக்கும். பிறகு தூளைச் சமன் செய்து அமுக்கி, மறுபடி கொதிநீர் ஊற்றி, முதலில் மெல்ல அழுத்தி ஏழெட்டு நொடி நனையவிட்டு, அப்புறம் முழு அழுத்தம். மொத்தம் 30 நொடியில் 32 கிராம் கோப்பையில் இறங்க வேண்டும். 15 நொடியிலேயே கொட்டிவிட்டால் தூள் கொரகொரப்பு. கைப்பிடி அசையவே மறுத்தால் அதிக நைசு. தவறு என்ன என்பது கைக்கே தெரிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

பலம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பிஸ்டனின் விட்டம் 40 மில்லிமீட்டர், பரப்பு பன்னிரண்டரை சதுர சென்டிமீட்டர். 9 பார் வர வேண்டுமானால் பிஸ்டன் மேல் சுமார் 115 கிலோ இறங்க வேண்டும். கைப்பிடி அதை ஐந்தாறு பங்கு குறைத்தாலும் கையில் 20 கிலோ நிற்கிறது. என் அம்மாவுக்குத் தோள்பட்டை வலி, அவரால் முடியாது. அவருக்கு பித்தளை ஃபில்டர் காபிதான் பிடிக்கும் என்பதால் எங்கள் வீட்டில் அது பிரச்சினை ஆகவில்லை. முதியவர்கள் தாங்களே போட்டுக் குடிக்க வேண்டிய வீட்டுக்கு இதை வாங்காதீர்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகத் தடவுகிறேன். அழுத்தும்போது பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் கசிந்தால் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் இன்னும் மாற்றவில்லை, ஆனால் வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துவிட்டேன். ஐந்தாறு வருடம் போனால் எப்படி இருக்கும் என்று என்னால் அனுபவத்தில் சொல்ல முடியாது.

பாலுக்கு ஸ்டீம் இல்லையே என்பது நியாயமான கேள்வி. நான் பாலை அடுப்பில் பொங்கும் முன் இறக்கி, டவராவுக்கும் டம்ளருக்கும் நாலு தடவை ஆத்தி ஊற்றுகிறேன். நுரை வருகிறது, ஆனால் பெரிய குமிழி நுரை. மேலே பூப் போடும் வழுவழுப்பு நுரை வேண்டும் என்றால் லீவர் சரிப்படாது, பம்ப்தான். நாலு விருந்தாளி வந்தாலும் பம்ப்தான். லீவரில் ஒரு கோப்பைக்கு ஐந்து நிமிடம், ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும்.

லீவரிலேயே பாய்லர் வைத்த வகையும் உண்டு, லா பவோனி போல. ஓர் உறவினர் வீட்டில் நாலைந்து தடவை மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். ஸ்டீம் அருமை. ஆனால் மூன்றாவது கோப்பைக்குள் மெஷின் அதிகமாகச் சூடேறி காபி கருகிய கசப்பாக வந்தது, உப்புப் பிரச்சினையும் திரும்ப வந்துவிடும். முதல் மெஷினாக நான் எடுக்க மாட்டேன்.

கேப்சூல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அகலம் ஒரு சாண்கூட வராது, அரை நிமிடத்தில் காபி, மில்லும் வேண்டாம். ஆனால் நெஸ்பிரெசோவின் பழைய வகைக் குப்பியில் இருப்பது ஐந்தாறு கிராம் தூள்தான், நான் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு. நம் அளவுக்குப் பால் ஊற்றினால் காபி காணாமல் போய்விடுகிறது, இரண்டு குப்பி போட வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பது பம்ப்பும் ஹீட்டரும் என்பதால் சுண்ணாம்பு இதையும் விடாது. காபியைக் கறுப்பாக, நாளுக்கு ஒன்று மட்டும் குடிப்பவருக்கு இது பொருந்தும்.

பம்ப்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு நண்பரின் நோட்டிலிருந்து ஒன்று. மெஷின் வந்த அன்றே, தூள் போடாமல் 10 நொடி தண்ணீர் விட்டு, எத்தனை மில்லி என்று டேங்கின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை அதே சோதனையைச் செய்து, ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததுமே எலுமிச்சை உப்பை எடுங்கள்.