தவறாக ரத்தான பாலிசி: மன்னிப்புக் கடிதத்தில் நான் தேடிய தேதி

அம்மாவின் மருத்துவக் காப்பீட்டை 2020 செப்டம்பர் 10 அன்று எடுத்தோம். நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பாலிசி பாலக்காட்டுக் கிளையில் இருக்கிறது, வைத்தியத்துக்குப் போவதெல்லாம் கோயம்புத்தூர். நாலு வருஷம் ஒரு கிளைம்கூட இல்லாமல் புதுப்பித்து வந்ததில், 5 லட்சம் காப்பீடு போனஸோடு 7 லட்சமாகியிருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று அது ரத்தானது, கம்பெனியின் தவறால். அதற்கு அவர்கள் இரண்டு கடிதம் கொடுத்தார்கள். இரண்டும் மன்னிப்புக் கடிதம்தான், ஆனால் ஒன்றுதான் உதவியது. ஏன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: பிரீமியம் வசூலாகவில்லை, பாலிசி ரத்து. ஏமாற்றுச் செய்தி என்று நினைத்து, செயலியைத் திறந்து பார்த்தேன். `Cancelled - 64VB` என்று இருந்தது. 64VB என்பது 1938 காப்பீட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு. பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் செக் திரும்பினால் அந்த வருஷப் பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே இல்லாததாக ஆக்கிவிடுவார்கள். ஆனால் என் செக் திரும்பவில்லை. 31,860 ரூபாய் செப்டம்பர் 6 அன்றே கணக்கிலிருந்து போய்விட்டதை பேங்க் ஸ்டேட்மென்டில் பார்த்தேன். அவர்களிடம் பணமும் இருந்தது, எங்களிடம் பாலிசியும் இல்லை.

ஏஜென்ட் சேட்டன், "சேச்சி, பேடிக்கண்டா, நான் பார்க்கிறேன்" என்றார். நல்ல மனிதர், ஆனால் இதில் அவர் வாய்ச்சொல் போதாது. அக்டோபர் 5 அன்று ஸ்டேட்மென்டை இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டு, புகார் எண் வாங்கினேன். 14 நாளுக்குள் அவர்கள் தீர்க்க வேண்டும். 13ஆம் நாள் முதல் கடிதம் வந்தது.

படித்ததும் மனசு லேசானது. எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம், பாலிசி 18.10.2024 முதல் மீண்டும் நடைமுறைக்கு வருகிறது என்று இருந்தது. அம்மாவிடம் "சரியாயிடுச்சும்மா" என்று சொல்லியும் விட்டேன். ராத்திரி திரும்பப் படித்தபோதுதான் அந்தத் தேதி உறுத்தியது. அக்டோபர் 18 முதல் என்றால், செப்டம்பர் 10லிருந்து அக்டோபர் 17 வரை அம்மாவுக்குக் காப்பீடே இல்லை என்று ஆகிறது. அதோடு போகாது. இடைவெளி விழுந்தால் பாலிசி புதிதாகத் தொடங்கியதாகக் கணக்கு வைக்க வழி இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் கிளைம் கேட்க 36 மாதம் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பை 2023 செப்டம்பரிலேயே முடித்துவிட்டார். புதுத் தேதி என்றால் அது முதலிலிருந்து ஓடும். கண்புரைக்கு எங்கள் பாலிசியில் 24 மாதம், அதுவும் திரும்ப ஓடும். இரண்டு லட்சம் போனஸ் போய்விடும். இன்னொன்றும் உண்டு. 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்தால், மோசடியை நிரூபித்தாலொழிய, "இந்த நோயை நீங்கள் முன்பே சொல்லவில்லை" என்று காட்டி கிளைமை மறுக்க முடியாது. அம்மாவுக்கு அதற்கு ஒரு வருஷம்கூடப் பாக்கியில்லை.

கடிதத்தில் மன்னிப்பு ஐந்து வரி, தேதி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் தவறு.

அன்றைக்கே பதில் எழுதினேன். "மீண்டும் நடைமுறைக்கு" என்ற சொல்லே வேண்டாம், ரத்து நடந்ததே செல்லாது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஏன் நடந்தது என்ற காரணமும் கேட்டேன். காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த வருஷமும் நடக்கலாமே. சரிசெய்யாவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்றும் சொன்னேன். எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகன் சென்னை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னான். ஆனால் நம் வீடும் கிளையும் கேரளத்தில் இருப்பதால் நமக்குக் கொச்சி அலுவலகம்தான். ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்பது கணக்கில்லை.

இரண்டாவது கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. இதுதான் கடிதம். காரணத்தை முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தார்கள். செக் எண் ஆறு இலக்கம்தான். வேறு வேறு பேங்குகளில் ஒரே எண் இருக்கலாம், பேங்கையும் கிளையையும் பிரித்துக் காட்டுவது செக்கின் அடியில் இருக்கும் எம்ஐசிஆர் எண். வேறொருவரின் செக் திரும்பியபோது, ஆறு இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டு, அது திரும்பிய பதிவை என் பெயரில் ஏற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருந்தது. எனக்கு அந்த வரி முக்கியம். "செக் திரும்பியவர்கள்" என்ற பெயர் எங்கள் கணக்கில் நிற்கக் கூடாது.

அப்புறம், 03.10.2024 ரத்து தொடக்கத்திலிருந்தே செல்லாது, காப்பீடு ஒரு நாளும் விடுபடவில்லை என்றிருந்தது. முதல் தொடக்கத் தேதி 10.09.2020, முடிந்த காத்திருப்புகள் முடிந்தவையே, போனஸ் அப்படியே. இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரிச் செலவு ஆகியிருந்தால் பில் அனுப்பலாம். திருத்தச் சான்று, அதாவது எண்டார்ஸ்மென்ட், 3 வேலை நாளில் வரும். கிளைம் பார்க்கும் டிபிஏவின் பதிவு 48 மணி நேரத்தில் மாறும். கீழே ஓர் அதிகாரியின் பெயரும் நேரடி எண்ணும் இருந்தன.

சொன்ன கெடுவைக் காப்பாற்றினார்களா? எண்டார்ஸ்மென்ட் நவம்பர் 4 அன்று வந்துவிட்டது. டிபிஏ பதிவு மாறவில்லை. 8ஆம் தேதி அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது, காப்பீட்டு மேசையில் இருந்த பெண் கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்து, திரையை என் பக்கம் திருப்பி, "அக்கா, இது ஆக்டிவா காட்டலையே" என்றாள். கடிதத்தைக் காட்டினேன். "லெட்டர் சரிக்கா, ஆனா எங்களுக்கு இதுல வந்தாத்தான்" என்றாள். அவள் சொன்னது நியாயம். அங்கிருந்தே அந்த அதிகாரிக்குப் பேசினேன். 11ஆம் தேதிதான் மாறியது. மன்னிப்புக் கடிதம் கையில் இருந்தாலும், வீடு திரும்புமுன் ஆஸ்பத்திரியில் ஒருமுறை கார்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரியில் கண்புரை அறுவை நடந்தது. கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரக் கெடு, அதற்குள் வந்துவிட்டது. காத்திருப்பு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. முதல் கடிதத்தோடு நின்றிருந்தால் அந்தச் செலவு முழுக்க எங்கள் கையிலிருந்து போயிருக்கும்.

முடிந்தது என்றிருந்தேன். 2025 ஆகஸ்டில் புதுப்பித்தல் அறிவிப்பு வந்தது. முதல் தொடக்கத் தேதி என்ற கட்டத்தில் 18.10.2024. எண்டார்ஸ்மென்ட் அந்த வருஷப் பாலிசியில் ஏறியிருக்கிறது, புதுப்பித்தல் பதிவுக்குப் போகவில்லை. கடிதத்தையும் எண்டார்ஸ்மென்டையும் இணைத்து, பணம் கட்டுமுன் திருத்தித் தாருங்கள் என்று அதே அதிகாரிக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய அறிவிப்பு வந்தது. அதற்கப்புறம்தான் பிரீமியம் கட்டினேன், இந்த முறை செக்கில் இல்லாமல் கணக்கிலிருந்து நேராக.

புதுப் பாலிசித் தாள் வந்ததும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். 10.09.2020 என்று இருந்தது. அம்மாவின் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில், அந்தத் தாளுக்குப் பின்னால் இரண்டாவது கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.