முழங்கையில் ஹார்மோனிக், தோளில் சைக்ளாய்டல்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்தது

நான் கட்டிய ரோபோ கையில் தோள் மூட்டுக்கு சைக்ளாய்டல் ரெடியூசர், முழங்கைக்கு 100:1 ஹார்மோனிக் ரெடியூசர். ரெடியூசர் என்பது மோட்டாரின் வேகத்தைக் குறைத்து மூட்டுக்குக் கொடுக்கும் கியர்பாக்ஸ். இரண்டுமே ஆறு வருடமாக ஓடுகின்றன. அதற்கு முன் முழங்கையில் சாதாரண பிளானட்டரி கியர்பாக்ஸ் இருந்தது. மோட்டாரைப் பூட்டிவிட்டு, 400 மி.மீ. நீளக் கையின் நுனியை விரலால் அசைத்தால் டக் டக் என்று ஏறக்குறைய ஒரு மி.மீ. ஆடும். பற்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சும்மா ஆட்டம்தான் பேக்லாஷ். ஹார்மோனிக் மாட்டிய அன்று அதே நுனியை அசைத்தேன். டக் சத்தமே இல்லை.

சாதாரணப் பற்சக்கரத்தில் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு ஜோடிப் பற்கள்தான் கடித்திருக்கும். சூட்டில் விரிவதற்கும் மைய தூரம் சற்றுப் பிசகுவதற்கும் இடம் விட்டே பல் வெட்டுவார்கள். 100:1 வேண்டுமென்றால் இரண்டு மூன்று அடுக்கு போட வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு ஆட்டத்தைச் சேர்க்கும்.

ஹார்மோனிக்கில் மூன்றே பாகங்கள். உள்ளே நீள்வட்ட வடிவ கேம், அதன் மேல் வளைந்து கொடுக்கும் மெல்லிய பேரிங். அதைச் சுற்றி மெல்லிய எஃகுக் கிண்ணம், அதன் வாயோரத்தில் வெளிப்பக்கமாக 200 பற்கள். அதற்கு வெளியே அசையாத கெட்டி வளையம், உள்பக்கமாக 202 பற்கள். கேம் கிண்ணத்தின் வாயை நீள்வட்டமாக இழுத்துப் பிடிப்பதால் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் கடிக்கும். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால், கிண்ணம் எதிர்த்திசையில் இரண்டே பல் நகரும். 200-ஐ 2-ஆல் வகுத்தால் 100. ஒரே அடுக்கில் வேலை முடிந்தது. இதற்கு 1950-களில் காப்புரிமை வாங்கியவர் வால்டன் மஸ்ஸர் என்ற அமெரிக்கர்; நிலவில் ஓடிய அப்பல்லோ வண்டியின் சக்கரங்களில்கூட 80:1 ஹார்மோனிக்தான் இருந்தது.

ஆட்டம் ஏன் இல்லை? கிண்ணம் ஒரு ஸ்பிரிங் மாதிரி. கேம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் பல் பல்லின் மேல் அழுந்தியே கிடக்கிறது. இடுக்கு திறக்க வழியில்லை. தவிர, இன்றைய பல் வடிவங்களில் மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் பற்கள் ஒரே நேரத்தில் கடித்திருக்கும். ஒரு பல்லில் உள்ள பிழை மற்றவற்றோடு சேர்ந்து சராசரியாகிவிடுகிறது. ஆனால் இதே அமைப்பில் 20:1 கேட்டால் கிடைக்காது. விகிதம் குறைந்தால் பல் பெரிதாகும், கிண்ணத்தை இன்னும் அதிகமாக வளைக்க வேண்டிவரும், எஃகு தாங்காது. வழக்கமாக 30-க்குக் கீழே போக மாட்டார்கள்.

சரி, ஆட்டம் இல்லை என்றால் அசைவே இல்லையா? அங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். கையை நேர்கீழாகத் தொங்கவிட்டு, நுனியில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடை தொங்கவிட்டுப் பக்கவாட்டில் இழுத்தேன். டயல் கேஜில் 1 கிலோவுக்கு 0.10 மி.மீ. காட்டியது. 5 கிலோவுக்கு 0.50 வரும் என்று பார்த்தால் 0.38-தான் வந்தது. சுமை குறைவாக இருக்கும்போது கிண்ணம் கொஞ்சம் இளகலாக முறுக்கிக்கொள்கிறது. சுமை ஏற ஏற விறைக்கிறது. எடையை எடுத்தால் முள் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பும். இது பேக்லாஷ் அல்ல, முறுக்கம். நுனியில் கருவியை வைத்து வேலை செய்பவருக்கு இரண்டும் பிழைதான். ஆனால் முறுக்கத்தை எடையைக் கொண்டு கணக்கிட்டு ஈடுகட்டலாம், பேக்லாஷை அப்படிச் செய்ய முடியாது.

இந்த ஸ்பிரிங் குணம் இன்னொரு தொல்லையும் கொடுத்தது. கிரிப்பரும் பொருளுமாக 6 கிலோ பிடித்திருக்கும்போது, முழங்கை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கியது. நொடிக்கு 20 டிகிரியில் அமைதி, 50-லும் அமைதி, 36-ஐ ஒட்டி மட்டும் நடுக்கம். கன்ட்ரோலரின் கெயினை மாற்றி மாற்றி இரண்டு நாள் வீண். அப்புறம் போனைக் கையின் நுனியில் டேப் போட்டு ஒட்டி, அதிர்வு காட்டும் ஆப்பைத் திறந்து, கையை லேசாகத் தட்டினேன். 20 ஹெர்ட்ஸ். நொடிக்கு 36 டிகிரி என்றால் மூட்டு நிமிடத்துக்கு 6 சுற்று, மோட்டார் 600 சுற்று, அதாவது நொடிக்கு 10. நீள்வட்டத்துக்கு இரண்டு முனை இருப்பதால் ஹார்மோனிக்கின் சிறு பிழை மோட்டாரின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வரும். பத்து இரண்டு இருபது. கையின் சொந்த அதிர்வெண்ணை நானே தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையை 45 டிகிரி வேகத்துக்கு மாற்றினேன், நடுக்கம் போயிற்று. எடை மாறினால் அந்த வேகமும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் வருடம் கை ஒரு இரும்பு ஃபிக்ஸ்சரில் மோதியது. கடகடவென்று சத்தம். அதிக விசையில் கிண்ணம் உள்வாங்கி, பற்கள் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. ஒரு பக்கம் மட்டும் ஒரு பல் கூடுதலாகத் தாண்டினால் கிண்ணம் மையம் விலகி உட்காரும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மோட்டாரைக் கழற்றிவிட்டு கேமைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்றாமல் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் அதுதான். பிரித்து, கேமை மெதுவாகச் சுற்றியபடியே கடைசியாக நுழைத்துப் பூட்டினால் மையத்துக்கு வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் கிரீஸில் பளபளவென்று எஃகுத் தூள் இருந்ததால் அந்த செட்டையே மாற்றினேன். பல் நுனி மழுங்கியது அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் தாண்டும். கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம்.

அதே மோதலில் தோளில் இருந்த சைக்ளாய்டலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதில் வளைகிற பாகமே கிடையாது. விளிம்பில் 39 மேடுகள் கொண்ட தட்டு, அதைச் சுற்றி வளையத்தில் 40 உருளைகள். உள்ளே மையம் விலகிய தண்டு ஒரு சுற்று சுற்றினால், தட்டு தள்ளாடியபடி ஒரே ஒரு மேடு பின்னால் நகரும், அதனால் 39:1. தள்ளாட்டம் சமன்பட 180 டிகிரி தள்ளி இரண்டாவது தட்டு. சுமையைப் பல மேடுகள் பகிர்ந்துகொள்வதால், அதற்கென்று குறித்திருக்கும் சுமையைப்போல் ஐந்து மடங்கு வரை திடீர் அடியை இந்த வகை தாங்கும்.

என்னுடையது ஆர்.வி. வகை, முன்னால் ஒரு சாதாரணப் பற்சக்கர அடுக்கும் உண்டு. அதில் ஆட்டம் இருக்குமே என்று முதலில் பயந்தேன். இருக்கிறதுதான், ஆனால் அது தோளுக்கு வரும்போது 39-ஆல் வகுபட்டு வருகிறது. மாறாக, தட்டின் துளைகளில் நிற்கும் மையம் விலகிய தண்டுகளின் பேரிங்கில் சில மைக்ரான் இடைவெளி இருந்தால் அது வகுபடாமல் அப்படியே மூட்டில் தெரியும். விலை ஏறுவது அங்கே செய்யும் கிரைண்டிங்கால்தான். 3டி பிரிண்டரில் ஒன்று செய்து பார்த்தேன். விகிதம் வந்தது, ஆட்டமும் தாராளமாக வந்தது.

சைக்ளாய்டலுக்குத் தானாக இடுக்கை அடைத்துக்கொள்ளும் ஸ்பிரிங் இல்லை, தேய்ந்தால் தேய்ந்ததுதான். தோளில் 700 மி.மீ. தள்ளி ஆட்டத்தை அளந்தபோது முதல் வருடம் 0.12 மி.மீ., இப்போது 0.19. ஒரு ஆர்க் மினிட், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, அந்தத் தூரத்தில் 0.20 மி.மீ. அதைத் தாண்டினால் பிரித்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.