தண்ணீர், சோப்பு, வாசனை வாஷ், டூஷ்: எது எதுவரை போகலாம்?

நான் மெடிக்கல் ஷாப்பில் ஃபார்மசிஸ்ட். பக்கத்துத் தெருவில் இருக்கும் டீச்சர் ஒருவர் இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை வந்தார். முதல் தடவை பெண்களுக்கான வாசனை வாஷ், நூறு மில்லி. அடுத்த தடவை அதே வாஷ், பெரிய பாட்டில். மூன்றாம் தடவை கிருமிநாசினி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, உள்ளே வைக்கிற மாத்திரை ஏதாவது கொடுங்களேன்" என்றார். பீரியட்ஸ் முடிந்ததும் ஒரு வாடை வருகிறதாம். டாய்லெட்டில் இருக்கும் கை ஷவரை உள்பக்கமாகப் பிடித்து அடிக்கிறாராம். இரண்டு நாள் சரியாக இருக்குமாம், அப்புறம் முன்பைவிட அதிகமாகத் திரும்புமாம்.

அவர் பயன்படுத்தியவற்றையே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். வெளியே தெரிகிற மடிப்புகள், அதாவது வல்வா, தோல். அங்கே வியர்வையும் அழுக்கும் சேரும், கழுவத்தான் வேண்டும். அதற்கு உள்ளே போகும் பாதை, யோனி, வேறு. அங்கே லாக்டோபாசிலஸ் என்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உட்சுவரில் சேரும் கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருளை வைத்துப் பிழைத்து, லாக்டிக் அமிலம் சுரக்கின்றன. உறை ஊற்றிய பாலைப் புளிக்க வைக்கிற அதே அமிலம்தான். புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். உள்ளே அது பொதுவாக 3.8 முதல் 4.5 வரை, ஏறக்குறைய தயிர்ப் புளிப்பு. இந்தப் புளிப்பில் வாடை கிளப்பும் கிருமிகள் தலைதூக்குவது கஷ்டம். லேசான வெள்ளைப்படுதல் என்பது பழைய செல்களை இந்தப் பாதை தானாகவே வெளியேற்றுவது. 'சூட்டினால் வருகிறது', 'உடம்பு உருகுகிறது' என்று பயப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

முதலில் வெறும் தண்ணீர். வெளியே மட்டும் என்றால் இதுதான் என் முதல் தேர்வு. விலையில்லை, எரிச்சலில்லை. ஆனால் அதே தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே அடித்தால் கதை மாறுகிறது. மருந்தே கலக்காத தண்ணீர்தானே என்பார்கள். அந்த வேகத்தில் அடித்துக்கொண்டு போவது லாக்டோபாசிலஸும் அது சேர்த்து வைத்த அமிலமும்தான். தண்ணீரின் பி.எச். 7 பக்கம், அதாவது புளிப்பே இல்லை. டீச்சருக்கு இரண்டு நாள் வாடை போனதற்குக் காரணம், வாடையடிக்கும் கசிவு கழுவப்பட்டதுதான். அடுத்து அந்தக் காலி இடத்தில் வேகமாகப் பெருகுவது காவல் பாக்டீரியா இல்லை, மற்றவை.

சோப்பு இன்னும் மோசம். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9, 10 இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால், 4.5-க்கும் 9.5-க்கும் இடையில் அமிலம் ஒரு லட்சம் மடங்கு குறைகிறது. வெளித்தோலுக்கு மென்மையான, வாசனையில்லாத சோப்பை லேசாகத் தொட்டுப் பயன்படுத்தலாம். எரிந்தால் அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

இனி வாசனை வாஷ். எங்கள் ஷெல்ஃபில் அதிகம் விற்பதில் இதுவும் ஒன்று. 'பி.எச். 3.5, லாக்டிக் அமிலம் உள்ளது' என்று பாட்டிலில் இருக்கும். அதைப் படித்ததும், உள்ளே இருக்கும் புளிப்போடு பொருந்துகிறது, அதனால் உள்ளேயும் போடலாம் என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. கழுவி விடும் திரவத்தில் இருக்கும் அமிலம், உயிரோடு இருந்து நாள் முழுக்க அமிலம் சுரக்கும் பாக்டீரியாவுக்கு ஈடாகாது. அதில் இருக்கும் வாசனைப் பொருளும் கெடாமல் காக்கும் ரசாயனமும் சிலருக்கு அரிப்பையும் தோல் அழற்சியையும் கிளப்பும். அரிப்பு வந்ததும் இன்னும் அதிகம் கழுவுவார்கள். வாசனை வைப்ஸுக்கும் இதே தீர்ப்புதான். வெளியே, வாசனையில்லாமல், ஒத்துக்கொண்டால் பரவாயில்லை. அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கிருமிநாசினியும் டூஷ் கிட்டும் ஒரே வரிசை. கிருமிநாசினிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது. உட்சுவரையும் புண்ணாக்கும். "ஆஸ்பத்திரியில் சிசேரியனுக்கு முன்னால் போவிடோன் அயோடினால் உள்ளே துடைக்கிறார்களே?" என்று ஒருவர் மடக்கினார். அது ஒரே ஒரு முறை, கத்தி வைப்பதற்கு முன், தொற்று கருப்பைக்கு ஏறாமல் இருக்க. தினசரிப் பழக்கத்துக்கு அது சாட்சியாகாது. டூஷ் என்பது பையிலோ பீச்சாங்குழலிலோ திரவம் நிரப்பி உள்ளே பாய்ச்சுவது. அமெரிக்காவில் வெகுகாலப் பழக்கம். அழுத்தம் கிருமிகளைக் கருப்பை வாய்க்கு மேலே தள்ளிவிடக்கூடும். அங்கே தொற்று வந்தால் அடிவயிற்று வலி, காய்ச்சல். கருக்குழாய் தழும்பேறினால் குழந்தைப்பேறு சிக்கல், குழாயில் கரு தங்குவது வரை போகும்.

நியாயமாக ஒன்று கேட்கலாம். வாடை இருப்பவர்கள்தானே அதிகம் கழுவுவார்கள், எது காரணம், எது விளைவு? இந்தச் சிக்கலுக்காகவே பெண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. லாக்டோபாசிலஸ் குறைந்து மற்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடுவதற்குப் பெயர் பாக்டீரியல் வஜினோசிஸ். வழக்கமாக டூஷ் செய்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பூதாகரமான எண்ணில்லை. ஆனால் பதிலுக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லாதபோது அந்தக் கூடுதல் எதற்கு?

எலுமிச்சை, வினிகர், ஆப்பசோடா, தயிர் எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். தயிரில் இருக்கும் பாக்டீரியா வேறு இனம், அங்கே குடியேறாது. உறவுக்குப் பின் உள்ளே கழுவினால் கரு தங்காது என்பதும் பொய். விந்தணு சில நிமிடத்திலேயே கருப்பை வாயைத் தாண்டத் தொடங்கிவிடும்.

டீச்சருக்கு நான் மாத்திரை கொடுக்கவில்லை. அவர் கேட்டது பூஞ்சைக்கானது. பூஞ்சை என்றால் தயிர்க்கட்டி போன்ற வெள்ளையும் கடுமையான அரிப்பும் இருக்கும், வாடை பெரும்பாலும் இருக்காது. அவருக்கோ அரிப்பில்லை, சாம்பல் கலந்த தண்ணீர் போன்ற கசிவு, மீன் வாடை. மகப்பேறு டாக்டரிடம் போகச் சொன்னேன். கூடவே ஒன்றும் சொன்னேன்: போவதற்கு முன் இரண்டு நாள் உள்ளே கை ஷவர் வைக்காதீர்கள், கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை. கழுவிவிட்டுப் போனால் டாக்டர் பார்க்க வேண்டியதே போய்விடும். பி.எச். தாளில் 4.5-க்கு மேல் காட்டியதாம். ஸ்லைடில் பாக்டீரியா ஒட்டிய செல்கள். பாக்டீரியல் வஜினோசிஸ்தான். மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். மூன்றாம் நாளே வாடை நின்றது, இருந்தும் ஏழு நாளும் போட்டு முடித்தார்.

இது திரும்ப வரும் வியாதி. அவருக்கும் நான்கு மாதம் கழித்து ஒருமுறை வந்தது. கை ஷவரை நிறுத்திவிட்டபோதும் வந்ததே என்று வருத்தப்பட்டார். உள்ளே கழுவுவது பல காரணங்களில் ஒன்றுதான், மறுபடி டாக்டரைப் பாருங்கள் என்றேன். இந்த முறை நேரே அங்கேதான் போனார், என் கடைக்குச் சீட்டோடு வந்தார்.

"அப்போ நான் எப்படித்தான் கழுவறது அக்கா?" என்று அன்று கேட்டார். குளிக்கும்போது ஒரு முறை, கையால், வெதுவெதுப்பான தண்ணீரில், மடிப்புகள் வரை மட்டும். மலம் கழித்தால் முன்னிருந்து பின்னாகக் கழுவவும். ஒற்றித் துடைத்துவிட்டுக் காட்டன் உள்ளாடை. பெரிய பாட்டிலில் பாதி மீதியிருக்கிறதே என்றார். கை கழுவ வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.