பட்டை நிப்பில் தமிழ்: மூன்று வருட அனுபவம்

முனை 3.8 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டையாக இருக்கும் பைலட் பேரலல் பேனா ஒன்றை வைத்து மூன்று வருடமாகத் தமிழ் எழுதி வருகிறேன். பேனாவைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. இரண்டு தட்டையான தகடுகளுக்கு நடுவில் மை இறங்குகிறது, வாரம் ஒரு முறை தண்ணீரில் அலசினால் போதும். கஷ்டமெல்லாம் நிப்பின் விளிம்பு எழுதும் வரியோடு சாயும் கோணத்திலும், எந்தக் கோட்டை முதலில் இழுப்பது என்பதிலும்தான் இருந்தது.

ஆங்கில எழுத்துக்கு இதற்கெல்லாம் பழைய வழிமுறை உண்டு. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணிக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கோடுதான். அதனால் தமிழுக்கு எந்தக் கோணம் பொருந்தும் என்பதை நாமே எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் 45 டிகிரியில் பிடித்தேன். அந்தக் கோணத்தில் நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் ஒரே தடிப்பில் விழும். சாய்கோட்டில்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் ட, ப, க எல்லாம் நெடுக்கும் குறுக்குமாக நிற்கிற எழுத்துகள். மார்க்கரால் எழுதியது போலத் தட்டையாக இருந்தன. 20 டிகிரிக்கு இறக்கினால் க-வின் தலைக்கோடு நூல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் 30-இல் நின்றேன். நெடுக்குக் கோடு ஏறக்குறைய 3.3 மில்லிமீட்டரும், குறுக்குக் கோடு 1.9-உம் வருகிறது. எழுதத் தொடங்கும் முன் ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுப் பார்ப்பேன். குறுக்குக் கோடு நெடுக்கில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தால் கோணம் சரி.

அடுத்தது வரிசை. பள்ளிக்கூடத்தில் ப-வைக் கையெடுக்காமல் இறக்கி, வலப்பக்கம் இழுத்து, மேலே ஏற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டை நிப்பை அப்படி மேலே தள்ளினால் முனை தாளைக் கீறும், மை தெறிக்கும். இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால் இடக்காலையும் அடிக்கோட்டையும் ஒரே இழுப்பில் முடித்துவிட்டுப் பேனாவை எடுத்து, வலக்காலை மேலிருந்து கீழே இறக்கி அடிக்கோட்டில் சேர்க்கிறேன். கை இருபது வருடப் பழக்கத்தை மறக்க ஆறு மாதம் பிடித்தது.

வணக்கம் என்ற சொல்லைத்தான் அதிகம் எழுதியிருப்பேன். வரவேற்புப் பலகைக்குக் கேட்பார்கள். ம-வில் வலப்பக்க வளைவைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் பதினொரு மணி இருக்கும் இடத்தில் கோடு மிக மெலிந்திருக்கும். அங்கே நிப்பை வைத்து இடப்பாதியைக் கீழே இறக்குகிறேன், மறுபடி அதே புள்ளியில் வைத்து வலப்பாதியை இறக்குகிறேன். மெல்லிய இடத்தில் சேர்வதால் ஒட்டு தெரியாது. உச்சிக்கு நேர் பன்னிரண்டில் தொடங்கினால் ஒரு சின்னத் திட்டு நிற்கும், பார்த்த உடனே தெரியும். க-வில் முதலில் தலைக்கோடு, அப்புறம் தண்டு. அதன் நடுவிலிருந்து இடப்பக்கம் வளைத்து அடியில் சேர்க்கிறேன். கடைசியில் மறுபடி நடுவிலிருந்து வலப்பக்க வளைவு. கையெழுத்தில் அடியிலிருந்து மேலே சுழற்றும் பகுதி, இங்கே மேலிருந்து இறங்குகிறது.

மூன்று சுழி ண தான் என்னை ரொம்ப நாள் படுத்தியது. எழுத்து உயரத்தை நான்கு நிப் அகலம் என்று வைத்திருந்தேன், ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கு வழக்கமான அளவுகளில் அதுவும் ஒன்று. அந்த உயரத்தில் ண-வின் சுழிகளுக்குள் வெள்ளையே இல்லை, கறுப்புக் கட்டியாகிவிட்டது. உயரத்தை ஆறு நிப் அகலமாக, அதாவது சுமார் 23 மில்லிமீட்டராக, உயர்த்தினேன். ண-வை மட்டும் இன்னும் அகலமாக விரித்தேன். ஒவ்வொரு சுழியும் ம-வின் வளைவைப் போலவே இரண்டு பாதி. இரண்டு கால்களுக்கு இடையே உள்ள வெள்ளை, காலின் தடிப்பை விடக் குறையக் கூடாது என்பதை அளவாக வைத்திருக்கிறேன். புள்ளியைத் தனியாக வட்டமாக வரைவதில்லை. அதே கோணத்தில் நிப்பை வைத்து ஒரு நிப் தூரம் இழுத்தால் சாய்ந்த கட்டமாக விழும், மற்ற கோடுகளோடு பொருந்தும்.

இப்போதும் தவறுவது ஒன்றில்தான். வளைவு எழுதும்போது மணிக்கட்டும் கூடவே திரும்பிவிடுகிறது. எழுதும்போது தெரியாது. ப-வின் இரண்டு கால்களையும் ஒப்பிட்டால் தெரியும், ஒன்று ஒல்லியாக இருக்கும். அடிக்கோடு போகப் போகத் தடித்தாலும் அதே காரணம்தான். விரலை அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்தினால் கோணம் மாறாமல் நிற்கிறது.

இ-யும் ஜ-வும் இன்னும் பிடிபடவில்லை. இ-யின் உள்சுழியை மூன்றாகப் பிரித்தால் ஒட்டு தெரிகிறது, இரண்டாகப் பிரித்தால் அடியில் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கிறது. போன வாரத்திலிருந்து அந்த ஒரு இடத்தில் மட்டும் நிப்பின் இடது மூலையில் நிறுத்தி மெல்லிய கோடாக இழுத்துப் பார்க்கிறேன். வழவழப்பான தாளில் சரியாக வருகிறது, சாதாரண நோட்டுத் தாளில் மை பரவிவிடுகிறது.