குளிரில் நீடிக்கும் வலியா, கடித்தால் வரும் வலியா?

எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டால் சிலர் உள்ளங்கையால் கன்னம் முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். சிலர் ஒரே விரலைப் பல்லின் மேல் வைத்து, "இதுதான் டாக்டர், தொடாதீங்க" என்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே இந்தக் கை அசைவிலிருந்து எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பல்லின் நடுவே இருக்கும் பற்கூழில் வலியைச் சொல்லும் நரம்புகள் ஏராளம். ஆனால் "இந்த இடம்" என்று துல்லியமாகச் சொல்லும் நரம்புகள் அங்கே இல்லை. அவை பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்த்திசுவில்தான் இருக்கின்றன. சாப்பாட்டில் ஒரு சிறு மணல் கடிபட்டாலும் உடனே உணர்வது இந்தத் திசுவால்தான். ஆகவே பற்கூழ் அழன்றால் வலி பரவலாக இருக்கும், காது வரைகூடப் போகும். அழற்சி வேர்நுனியைத் தாண்டி நார்த்திசுவுக்கு வந்துவிட்டால் நோயாளியே பல்லைக் காட்டிவிடுவார். இரண்டு வலிகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்.

முதலில் குளிர் வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசி, வாயிலிருந்து தண்ணீர் போன சில நொடிகளில் அடங்கிவிட்டால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பற்கூழ் எரிச்சலில் இருக்கிறது, ஆனால் தேறக்கூடியது. சொத்தையை எடுத்து அடைத்தால் பெரும்பாலும் அமைதியாகிவிடும். கூச்சம் அடங்கிய பிறகும் மந்தமான, துடிக்கும் வலி அரை நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்தால் கதை வேறு. சுரீர் என்ற வலியைக் கொண்டுவருவது வேகமான நரம்பிழைகள். பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும் வலி, பற்கூழின் உள்ளே ஆழத்தில் இருக்கும் மெதுவான நரம்பிழைகளின் வேலை. இவை விழித்துவிட்டால் பற்கூழ் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

இந்தக் கட்டத்தில் எதுவும் படாமலேயே வலி வரும். படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் இராத்திரியில் விண் விண் என்று தெறிக்கும். பற்கூழைச் சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்குவதற்கு இடமே இல்லை. இன்னும் முற்றிய நிலையில் சூடு வலியைக் கிளப்பும், குளிர் அடக்கும். கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு வந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொள்பவரைப் பார்த்தால் எந்தப் பல் மருத்துவருக்கும் புரிந்துவிடும்.

இனி கடித்தால் வரும் வலி. சீழ்கட்டி என்பது பற்கூழ் செத்து, கிருமிகள் வேர்நுனி வழியாக வெளியேறி எலும்பில் சீழ் சேர்த்த நிலை. செத்த பல்லுக்குக் குளிர் தெரியாது, சூடும் தெரியாது. ஆனால் மேல்பல் கீழ்ப்பல்லைத் தொட்டாலே உயிர் போகும். சீழ் வேருக்கடியில் அழுத்துவதால் பல் கொஞ்சம் மேலே எழும்பி நிற்பது போலவும், மற்ற பற்களுக்கு முன்னால் அதுவே முட்டுவது போலவும் தோன்றும். ஈறு வீங்கலாம், காய்ச்சல் வரலாம். ஈறில் சிறு கொப்புளம் வந்து சீழ் வடிய ஆரம்பித்தால் வலி குறைந்துவிடும், நோய் குறையாது.

கடித்தால் வலிப்பதெல்லாம் சீழ்கட்டி என்றும் முடிவுகட்டக் கூடாது. நேற்று அடைத்த பல் உயரமாக இருந்தாலும் வலிக்கும். அதை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். பல்லில் விரிசல் இருந்தால், பெரும்பாலும் கடித்த வாயைத் திறக்கும் கணத்தில் சுரீர் என்று குத்தும். அது குளிருக்கும் கூசும். போதாக்குறைக்கு, பற்கூழ் அழற்சி முற்றும்போது கடிவலியும் சேர்ந்துகொண்டு இரண்டும் ஒரே பல்லில் இருக்கலாம். அப்போது குளிர் சோதனைதான் பிரித்துக் காட்டும்: குளிரை உணர்ந்தால் பற்கூழில் இன்னும் உயிர் இருக்கிறது.

ஒருவர் கதையைச் சொன்னால் இது தெளிவாகும். நாற்பது வயதுக்காரர், வலப்பக்கம் மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லி வந்தார். நான்கு இரவுகளாகத் தூக்கமில்லை. மேல்பல்லில் பார்வைக்கு ஒன்றுமில்லை. பஞ்சில் குளிர்ஸ்பிரே அடித்து முதலில் இடப்பக்க நல்ல பல்லில் வைத்தேன், எது இயல்பு என்று தெரிய வேண்டுமே. இரண்டு நொடியில் போனது. அவர் காட்டிய மேல்பல்லில் வைத்தேன், அதுவும் மூன்று நொடிதான். கீழே முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு பழைய அடைப்பு இருந்தது. அதில் வைத்ததும் நாற்காலியின் கையைப் பிடித்தார். பஞ்சை எடுத்து நாற்பது எண்ணிய பிறகும் பிடியை விடவில்லை. கண்ணாடிக் கருவியின் காம்பால் தட்டியபோது எந்தப் பல்லும் வலிக்கவில்லை. எக்ஸ்ரேயில் அடைப்புக்கடியில் சொத்தை பற்கூழைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேர்நுனியில் மாற்றமில்லை. கீழ்ப்பல்லின் வலியை மூளை மேலே இருப்பதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இது அடிக்கடி நடப்பதுதான்.

வேர் சிகிச்சை செய்யலாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர் வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் வலி நின்றது. மாத்திரை கேட்டது என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் பற்கூழ் செத்திருந்தது. பற்கூழ் அழற்சியின் வலியை ஆன்டிபயாடிக் குறைப்பதில்லை. பல் சிகிச்சை உடனே கிடைக்கும்போது, நல்ல எதிர்ப்புசக்தி உள்ள பெரியவர்களுக்கு இந்த வலிக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. இரண்டு வலிகளுக்கும் நடுவில் வரும் இந்த வலியில்லாத இடைவெளிதான் பலரை ஏமாற்றுகிறது.

பதினேழு நாள் கழித்து வந்தார். இந்த முறை ஒற்றை விரலால் சரியான பல்லையே காட்டினார். மூன்று முறை குளிர் வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. மெல்லத் தட்டியதும் தலையை விலக்கிக்கொண்டார். ஈறு ஓரமாகக் கொஞ்சம் வீக்கம். எக்ஸ்ரேயில் நார்த்திசு இருக்கும் இடம் சற்று அகலமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எலும்பில் தாது கணிசமாகக் கரைந்த பிறகுதான் கறுப்பு நிழல் விழும். ஆரம்ப நாட்களில் படம் சுத்தமாக இருந்தால் சீழ் இல்லை என்று அர்த்தமில்லை.

காய்ச்சல் இல்லை, வாய் நன்றாகத் திறந்தது, விழுங்க முடிந்தது. இவற்றைக் கட்டாயம் கேட்பேன். தாடைக்கடியில் வீக்கம் பரவி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால், அல்லது வீக்கம் கண்ணை மூடுமளவு ஏறினால், பல் மருத்துவமனை நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலை உண்டு, ஆனால் அதுவும் சீழை வெளியேற்றுவதற்குத் துணையாகத்தான்.

இவருக்குப் பல்லைத் திறந்ததும் வேர்க்குழாய் வழியே சீழ் வந்தது. சில நிமிடங்களில் முகம் தளர்ந்தது. குழாய்களைக் கழுவி மருந்து வைத்து, பத்து நாள் கழித்து வேர் சிகிச்சையை முடித்துப் பல்லின் மேல் தொப்பி போன்ற உறையை மாட்டினோம். முன்பே வந்திருந்தாலும் இதே சிகிச்சைதான், நடுவில் இந்த அவஸ்தை இருந்திருக்காது. முதல்நாள் அவர் பிடுங்கச் சொன்ன மேல்பல்லில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.